மணிக்கு 300 கிலோமீட்டர் ஓடிய கார்

குழு: மாக் மண்டின் குடும்பம்

வெள்ளிக்கிழமை

[இரவு 8:41] முகிலன்: எல்லோருக்கும் வணக்கம். ஆசைப்பட்டு வாங்கிய கைக்கடிகாரம் வந்துவிட்டது, ஆனால் பழுதான சரக்கு போலிருக்கிறது. நடுவில் இருக்கும் நீள முள் 12-இலேயே நிற்கிறது. மணி மட்டும் சரியாக ஓடுகிறது. திங்கட்கிழமை திருப்பிக் கொடுக்கப் போகிறேன்.

[இரவு 8:44] ராஜு மாமா: பாட்டரி இறங்கியிருக்கும். வலப்பக்கம் இருக்கும் இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அமுக்கிப் பிடி. எந்தச் சாமானாக இருந்தாலும் அப்படிச் செய்தால் உயிர் வந்துவிடும்.

[இரவு 8:52] பெரியப்பா: முகிலா, எதையும் சேர்த்து அமுக்காதே. கடிகாரத்தைப் படம் பிடித்து அனுப்பு.

[இரவு 8:53] முகிலன்: (படம்)

[இரவு 8:58] பெரியப்பா: முள் நின்றுவிடவில்லை, நீ இன்னும் ஓடச் சொல்லவில்லை. கீழே 6-க்கு மேல் சின்ன வட்டம் இருக்கிறது பார், அதில் ஓடுவதுதான் உன் வழக்கமான விநாடி முள். நடுவில் இருக்கும் நீள முள் க்ரோனோகிராஃபுக்கு, அதாவது ஓட்டி நிறுத்தி நேரம் அளக்கும் பகுதிக்கு, உரியது. 2-க்குப் பக்கத்தில் இருக்கும் மேல் பொத்தானை ஒரு முறை அமுக்கு.

[இரவு 8:59] முகிலன்: ஓடுகிறது பெரியப்பா!

[இரவு 9:00] பெரியப்பா: இன்னொரு முறை அமுக்கினால் நிற்கும். நின்ற பிறகு 4-க்குப் பக்கத்தில் இருக்கும் கீழ்ப் பொத்தானை அமுக்கினால் 12-க்குத் திரும்பும். மேல் பொத்தான் ஓட்டம், நிறுத்தம். கீழ்ப் பொத்தான் துடைத்துப் போடுவதற்கு. இந்த ஒழுங்கை மாற்றாதே.

[இரவு 9:03] தேவி: மாற்றினால் என்ன ஆகும் பெரியப்பா?

[இரவு 9:09] பெரியப்பா: இவன் வைத்திருப்பது பாட்டரி கடிகாரம். ஓடும்போது கீழ்ப் பொத்தானை அமுக்கினால் இந்த வகையில் பலவற்றில் முள் நின்றதுபோல் காட்டும், உள்ளே கணக்கு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். மறுபடி அமுக்கினால் முள் ஓடிப்போய்க் கணக்கைப் பிடித்துக்கொள்ளும். கெடுதல் இல்லை. சாவி கொடுக்கிற பழைய க்ரோனோகிராஃபில்தான் வம்பு. அங்கே முள் ஓடும்போது கீழ்ப் பொத்தான் இறங்காது. இறங்கவில்லையே என்று பலம் கொடுப்பார்கள். வளைந்த நெம்புகோலோடு கேம்பல் ஸ்திரீட் கடைக்கு என்னிடம் வருவார்கள், “தானாகவே கெட்டுவிட்டது” என்று சொல்லிக்கொண்டு. ஓடும்போதே துடைப்பதற்கென்று செய்த கடிகாரங்களும் உண்டு, அவை வேறு.

[இரவு 9:15] முகிலன்: சரி. கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையத்தில் 500-இல் தொடங்கி 60 வரை எண்கள் இருக்கின்றனவே, அவை எதற்கு?

[இரவு 9:17] ராஜு மாமா: அது வேகம் காட்டும் டாக்கிமீட்டர். காரில் உட்கார்ந்ததும் வளையத்தைத் திருப்பி விநாடி முள்ளுக்கு நேராக வைக்க வேண்டும்.

[இரவு 9:20] பெரியப்பா: வேகம் என்றது சரி ராஜு. திருகுகிற வளையம் முக்குளிப்பவர் கட்டுகிற கடிகாரத்தில். இது அசையாது. ஒரு கிலோமீட்டர் போக எத்தனை விநாடி ஆனது என்று முள் காட்டும். அந்த முள் வளையத்தில் தொடும் எண்தான் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது. ஒரு மணி நேரத்தில் 3600 விநாடி, அதை விநாடியால் வகுத்து ஏற்கெனவே அச்சடித்து வைத்திருக்கிறார்கள். 6-க்கு நேரே பார், 120 இருக்கும். ஒரு கிலோமீட்டருக்கு அரை நிமிடம் ஆனால் 120.

[இரவு 9:22] முகிலன்: ஆமாம், 120 இருக்கிறது. நாளைக் காலை அக்காவும் நானும் ஈப்போ போகிறோம். பார்த்துவிடலாம்.

[இரவு 9:23] பெரியப்பா: ஓட்டுபவள் கடிகாரத்தைத் தொடக்கூடாது. நீ பக்கத்தில் உட்கார்ந்து பார்.

சனிக்கிழமை

[காலை 9:26] முகிலன்: பெரியப்பா, கார் மணிக்கு 300 கிலோமீட்டர் ஓடுகிறதாம். ஜுருவைத் தாண்டியதும் சாலையோரக் கிலோமீட்டர்ப் பலகையில் எண் .4 என்று முடிந்தபோது அமுக்கினேன், அடுத்த .4 வந்தபோது நிறுத்தினேன். முள் 300-இல் நிற்கிறது. எங்களுக்கு முன்னால் ஒரு லோரி ஊர்ந்துகொண்டிருக்கிறது.

[காலை 9:27] ராஜு மாமா: தேவி, இத்தனை வேகமாக ஓட்டாதே அம்மா!

[காலை 9:31] பெரியப்பா: நிமிடம் காட்டும் சின்ன வட்டத்தைப் பார்த்தாயா? அது 1-க்கு வந்திருக்கும். முள் ஒரு சுற்று முடித்து, இரண்டாம் சுற்றில் 12 விநாடி வந்து நின்றிருக்கிறது. மொத்தம் 72 விநாடி, உங்கள் வேகம் 50. வளையம் ஒரே சுற்றுக்குத்தான் செல்லுபடியாகும். ஒரு நிமிடத்தைத் தாண்டினால் அது பொய் சொல்லும், அதுவும் நிமிர்ந்த முகத்தோடு சொல்லும்.

[காலை 9:33] முகிலன்: அப்படியானால் மெதுவாகப் போகும்போது அளக்கவே முடியாதா?

[காலை 9:36] பெரியப்பா: தூரத்தைப் பாதியாக்கு. .4-இல் தொடங்கி .9-இல் நிறுத்து. அதே வேகம் என்றால் 36 விநாடியில் முள் 100-ஐத் தொடும். நீ போனது அரைக் கிலோமீட்டர், ஆகவே பாதியை எடுத்துக்கொள், 50.

[காலை 9:38] சரோஜா அத்தை: பசியாறிவிட்டுக் கிளம்பினீர்களா? லோரியை முந்த வேண்டாம்.

[காலை 10:14] முகிலன்: தைப்பிங்கைத் தாண்டிவிட்டோம். சாலை வெறிச்சோடியிருக்கிறது, அக்கா ஒரே வேகத்தில் ஓட்டினாள். 33 விநாடி, வளையத்தில் 109. கார் மீட்டர் 116 என்கிறது. கைப்பேசி 112 என்கிறது. மூன்றும் மூன்று பாட்டுப் பாடுகின்றன.

[காலை 10:16] ராஜு மாமா: 110-க்கு மேல் போனால் கேமரா பிடிக்கும். கேமரா கார் மீட்டர் சொல்வதைத்தான் பார்க்கும்.

[காலை 10:18] தேவி: கேமராவுக்கு எங்கள் மீட்டர் எப்படித் தெரியும் மாமா? எதற்கும் குறைத்துவிட்டேன். இதை முகிலன்தான் தட்டுகிறான்.

[காலை 10:25] பெரியப்பா: கார் மீட்டரை விடுங்கள். அது கூடுதலாகக் காட்டும்படிதான் செய்வார்கள். ஐ.நா. விதிமுறை 39-இன்படி உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டலாம், பத்தில் ஒரு பங்கும் அதற்கு மேல் 4 கிலோமீட்டரும் வரை. 112-க்கு 116 காட்டினால் நாணயமான மீட்டர். எனக்கு உறுத்துவது உன் கடிகாரத்துக்கும் கைப்பேசிக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம். ஒரு விநாடி தவறினால் 33-க்குப் பதில் 32 ஆகும், அது 112-க்கு மேல். முள்ளை 12-க்குத் திருப்பிவிட்டுக் கிட்டத்தில் ஒரு படம் அனுப்பு.

[காலை 10:27] முகிலன்: (படம்) கையில் தாமதம் இருந்திருக்குமோ? பலகையைப் பார்த்து, அப்புறம்தானே அமுக்குகிறேன்.

[காலை 10:33] பெரியப்பா: தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் அதே அளவு தாமதம் என்றால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். இரண்டு முறையும் அதே விரல், பலகை கதவின் அதே கம்பியைத் தாண்டும் கணம், அவ்வளவுதான் வேண்டும். ஆனால் படத்தைப் பெரிதாக்கிப் பார். துடைத்த பிறகும் முள் 12-இல் நிற்கவில்லை, ஒரு கோடு தள்ளி நிற்கிறது. நீ 33 என்று படித்தது உண்மையில் 32.

[காலை 10:34] முகிலன்: அட! இதை நான் பார்க்கவே இல்லை. நேற்று 12-இல்தானே இருந்தது?

[காலை 10:37] பெரியப்பா: நேற்று நீ அனுப்பிய படம் சாய்வாக இருந்தது, நானும் கவனிக்கவில்லை. அதிர்ச்சியால் நகர்ந்ததா, பெட்டியில் வரும்போதே இப்படியா என்று இனிச் சொல்ல முடியாது. ஓய்விடத்தில் நிறுத்தும்போது சரி செய்யலாம். நடுக்குமிழைக் கடைசிப் படி வரை வெளியே இழு. சின்ன வட்டத்து முள் நின்றுவிடும். இப்போது மேல் பொத்தானை ஒவ்வொரு முறை அமுக்கும்போதும் நீள முள் ஒரு கோடு நகரும். பின்னால் போகாது, முன்னால் மட்டுமே. ஆகவே 59 முறை அமுக்கு, அல்லது அமுக்கிப் பிடித்துக்கொள், ஓடும். 12 வந்ததும் விட்டுவிட்டு, மணியைத் திருத்தி, குமிழை உள்ளே தள்ளு. சில கடிகாரங்களில் இதற்குக் கீழ்ப் பொத்தான், ஆகவே முதலில் கையேட்டைப் பார்.

[காலை 10:39] ராஜு மாமா: 59 முறையா! கடையில் திருப்பிக் கொடுத்துவிடுவதே மேல்.

[காலை 11:02] முகிலன்: சுங்கை பேராக் ஓய்விடத்தில் நின்றோம். அமுக்கிப் பிடித்ததும் ஓடிற்று, முதல் முறை 12-ஐத் தாண்டிவிட்டது, இரண்டாம் சுற்றில் பிடித்துவிட்டேன். இப்போது துடைத்தால் சரியாக 12.

[காலை 11:03] பெரியப்பா: நல்லது. இனி மெனோரா சுரங்கம் வரை ஏற்றமும் வளைவும். அங்கே அளந்தால் கிடைப்பது அந்தக் கிலோமீட்டரின் சராசரிதான், எந்த இடத்திலும் நீ போன வேகம் அல்ல.

[பகல் 11:40] முகிலன்: வந்துவிட்டோம். இறக்கத்துக்குப் பிறகு சமதளத்தில் மறுபடி அளந்தேன். 40 விநாடி, 90. கைப்பேசியும் 90.

[பகல் 11:48] சரோஜா அத்தை: நான் அறுவைச் சிகிச்சை வார்டில் மிஸ்ஸியாக இருந்தபோது மார்பில் தொங்கும் கடிகாரத்தை வைத்துத்தான் நாடி எண்ணுவோம். இந்த 60, 80, 100 எல்லாம் நாடி போலவே இருக்கின்றனவே. அதற்கும் ஆகுமா அண்ணா?

[பகல் 11:52] பெரியப்பா: நாடிக்கென்று தனி அளவுகோல் உண்டு, 15 அல்லது 30 துடிப்புக்கு அச்சிட்டிருப்பார்கள். ஆனால் நீ கேட்டது நல்ல கேள்வி. இதில் 60 துடிப்பு எண்ணி நிறுத்து. 50 விநாடி ஆனால் முள் 72-ஐத் தொடும், அது நிமிடத்துக்கு 72.

[பகல் 11:55] சரோஜா அத்தை: 60 எண்ணுவதற்குள் ஒன்று தவறிவிடும். ஆனாலும் சரிதான், 72-தான். முதல் துடிப்பைப் பூஜ்ஜியம் என்று எண்ணச் சொல்லு, ஒன்று என்று எண்ணினால் கணக்கு நகர்ந்துவிடும்.

[பகல் 12:10] ராஜு மாமா: தம்பி கடிகாரம் இல்லாமல் கைப்பேசியில் பார்த்தேன், 60 துடிப்புக்கு 44 விநாடி. அப்படியானால் எனக்கு என்ன வேகம்?

[பகல் 12:12] முகிலன்: வளையத்தில் 82-க்குக் கொஞ்சம் கீழே மாமா.

[பகல் 12:13] ராஜு மாமா: தே தாரிக் குடித்துவிட்டுத்தான் பார்த்தேன்.

[பகல் 12:20] தேவி: ரயிலிலும் இப்படி அளக்கலாமா? ஈ.டி.எஸ். 140 வரை ஓடும் என்கிறார்கள்.

[பகல் 12:26] பெரியப்பா: 140 என்றால் கிலோமீட்டருக்கு 26 விநாடி கூட ஆகாது. தண்டவாளத்தோரம் தூரக்கல் இருந்தால் அளக்கலாம். அந்த வேகத்தில் சன்னல் வழியே எண் கண்ணில் படுமா என்பதுதான் எனக்குச் சந்தேகம். முகிலா, ஒன்று கேட்கிறேன், வேலை முடிந்ததும் முள்ளை நிறுத்தினாயா?

[பகல் 12:31] முகிலன்: பெரியப்பா, நாடி பார்க்கலாம் என்று அமுக்கினேன். அம்மாவின் கையை எடுப்பதற்குள் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார்கள். இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

[பகல் 12:32] பெரியப்பா: நிறுத்து. பாட்டரி உன் காசு.