நிரோஷின் அறைக்கு என்ன குக்கர்?

நிரோஷ்: எல்லோருக்கும் வணக்கம். வெள்ளவத்தையில் அறை கிடைத்துவிட்டது, கட்டிலும் மேசையும் போட்டால் நடக்கக் கொஞ்சம் இடம் மிஞ்சுகிறது. கடைச் சாப்பாடு கட்டுப்படியாகாது. பிரஷர் குக்கர் வாங்கவா, ரைஸ் குக்கர் வாங்கவா?

அம்மா: வாங்க வேண்டாம், வீட்டில் மூன்று லீட்டர் பிரஷர் குக்கர் சும்மா கிடக்கிறது. அனுப்புகிறேன்.

புஷ்பா சித்தி: ரைஸ் குக்கர் பெரிதாகவே வாங்கு தம்பி, 1.8 லீட்டர் எடு. நாளைக்கு ஒருத்தி வந்தால் திரும்ப வாங்க வேண்டாம்.

நிரோஷ்: சித்தி, அறையில் இப்போது எனக்கே இடம் இல்லை 😅

குலம் மாமா: முதலில் இதைச் சொல். வீட்டுக்காரம்மா காஸ் வைக்க விடுவாரா? அறையில் இருக்கும் ப்ளக் எப்படி, சதுரப் பின்னா உருண்டைப் பின்னா?

நிரோஷ்: காஸ் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார். ப்ளக் ஒன்றுதான், சின்ன உருண்டை மூன்று பின்.

கஜன்: அப்போ ஹாட்பிளேட் வாங்கு மச்சான், அதில் பிரஷர் குக்கரை வைத்துவிடலாம். கரண்டில் ஓடுவதெல்லாம் ஒன்றுதானே.

குலம் மாமா: ஒன்றில்லை கஜன். அந்தச் சின்ன உருண்டைப் பின் 5 அம்பியர். 230 வோல்ட்டுக்குப் பெருக்கிப் பார், 1150 வாட் வரும். ஹாட்பிளேட் பலதும் 1500 வாட். அடாப்டர் போட்டுச் செருகினால் முதல் நாள் வேலை செய்யும், பிறகு ப்ளக் கைவைக்க முடியாத சூடாகும், ஓட்டையைச் சுற்றிப் பழுப்பாகும், பிளாஸ்டிக் கருகிய மணம் வரும். ஒருவருக்கான ரைஸ் குக்கர் 350, 400 வாட்தான். ஃபேனையும் லப்டொப்பையும் கூட்டினாலும் தாங்கும். வாங்கும்போது அடியில் ஒட்டியிருக்கும் லேபிளில் வாட் பார்த்து வாங்கு. பிரஷர் குக்கர் நல்லதுதான், ஆனால் அதற்கு அடுப்பு வேண்டும், உன்னிடம் அது இல்லை.

வசந்தி அக்கா: சோறு சரி, கறிக்கு என்ன செய்வான்?

கஜன்: அதிலேயே தாளிக்கலாம் அக்கா. ஸ்விட்ச் மேலே பாய்ந்தால் ஒரு கரண்டியை முட்டுக் கொடுத்து வைத்தால் சரி. நான் அப்படித்தான் செய்தேன்.

குலம் மாமா: அதே குக்கர்தானே ஆறு மாதத்தில் போனது?

கஜன்: 🙈

குலம் மாமா: உள்பானையைத் தூக்கினால் நடுவில் ஸ்பிரிங்கோடு ஒரு குமிழ் தெரியும், அதற்குள் காந்தம். தண்ணீர் இருக்கும்வரை பானையின் அடி 100 பாகைக்குப் பெரிதாக மேலே போகாது. அரிசி தண்ணீரைக் குடித்து முடித்ததும் சூடு ஏறும், காந்தம் பிடியை விடும், டக் என்று ஸ்விட்ச் மாறும். அதற்கு நேரமும் தெரியாது, சோறும் தெரியாது, தண்ணீர் வற்றியது மட்டும்தான் தெரியும். எண்ணெயில் தாளித்தால் தண்ணீர் இல்லை, ஆகவே உடனே பாயும். முட்டுக் கொடுத்தால் சூட்டை நிறுத்த ஆள் இல்லை.

புஷ்பா சித்தி: என்னுடைய குக்கரில் சோறு ஒரு பக்கம் தீய்கிறது, மற்றப் பக்கம் அரிசி.

குலம் மாமா: பானைக்கு அடியில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருக்கும், பாருங்கள். பானை சாய்ந்து நின்றால் சூடேற்றும் தட்டும் குமிழும் அதைச் சரியாகத் தொடாது. அடியின் ஈரத்தையும் துடைத்துவிட்டு வையுங்கள்.

வசந்தி அக்கா: நிரோஷ், நம் பருப்புக்குத் தாளிதம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. மைசூர்ப் பருப்பு அரைக் கப், தண்ணீர் ஒன்றரைக் கப், வெங்காயம், பச்சை மிளகாய், மஞ்சள். பொங்கும், அதனால் பானையில் பாதிக்கு மேல் போகாமல் பார், மூடியைக் கொஞ்சம் விலக்கி வை. பருப்பு மசிந்ததும் தேங்காய்ப்பால் மாவு கரைத்து ஊற்றி உப்புப் போட்டு ஒரு கொதியில் இறக்கு. அதை வேறு பாத்திரத்தில் மாற்றி, பானையைக் கழுவிவிட்டுச் சோறு போடு. சம்பா ஒரு கப்புக்குத் தண்ணீர் இரண்டு.

நிரோஷ்: கடலை அவிக்கலாமா?

குலம் மாமா: அங்கேதான் பிரஷர் குக்கர் வெல்லும். அதற்குள் சூடு 120 பாகை வரை போகும், இதில் 100. இரவு ஊற வைத்தாலும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும், வற்றுவதற்கு முன் தண்ணீர் ஊற்றிக்கொண்டே நிற்க வேண்டும்.

வசந்தி அக்கா: காலிமுகத் திடலுக்குப் போய் வாங்கிச் சாப்பிடு.

(சனிக்கிழமை)

நிரோஷ்: 0.6 லீட்டர் வாங்கினேன், 350 வாட். பருப்பு நன்றாக வந்தது. சோறு மட்டும் மேலே கொஞ்சம் விறைப்பு.

குலம் மாமா: டக் என்றதும் திறந்தாயா?

நிரோஷ்: ஓம், பசி.

குலம் மாமா: பத்து நிமிடம் மூடியே இருக்கட்டும். உள்ளே இருக்கும் ஆவிதான் மேல் சோற்றை அவிக்கும். அதற்குப் பிறகும் விறைத்தால் அடுத்த முறை கால் கப் தண்ணீர் கூட்டு.

நிரோஷ்: சரி மாமா. வீட்டுக்காரம்மா குக்கரைக் கண்டுவிட்டு, கரண்டுக்குத் தனியாகக் காசு கேட்கிறார். எவ்வளவு கொடுப்பது நியாயம்?

கஜன்: ஒன்றும் கொடுக்காதே.

வசந்தி அக்கா: இவன் பேச்சைக் கேட்டால் அறையும் போகும்.

அம்மா: தம்பி, பிரஷர் குக்கரை இரவு பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். விடிய ஐந்து மணிக்கு வெள்ளவத்தையில் இறக்குவார்களாம், போய் எடு. உள்ளே மிளகாய்த்தூளும் இருக்கிறது, சாய்க்காமல் பிடி.