காட்டன் புடவைக்கு கஞ்சி போட்டதில் வெள்ளைத் திட்டு, இஸ்திரி பெட்டியிலும் ஒட்டுது. அவசரம்!

பருத்திப்பூ
புடவைக்கு கஞ்சி போட்டு காயவச்சேன். காஞ்சதும் பார்த்தா அங்கங்க வெள்ளை வெள்ளையா திட்டு. சரி, அயர்ன் பண்ணா போயிடும்னு வச்சேன், பெட்டி புடவையோட இழுத்துக்கிட்டு வருது, அடியில பழுப்பா ஏதோ ஒட்டிக்கிச்சு. ஞாயித்துக்கிழமை கட்டணும். என்ன பண்றது? சீக்கிரம் சொல்லுங்க.

கொடிக்கயிறு
என்ன கலர்? என்ன கஞ்சி? எவ்வளவு தண்ணியில? வடிகட்டினீங்களா? மெஷின்ல பிழிஞ்சீங்களா? இது அஞ்சும் தெரியாம யாரும் ஒண்ணும் சொல்ல முடியாதுங்க.

உப்புத்தண்ணி
போர் தண்ணியா? அப்ப கஞ்சி மேல பழி போடாதீங்க. உப்புத் தண்ணியில சோப்பு நுரைக்காம திரிதிரியா ஒட்டிக்கும், காஞ்சா வெள்ளையா தெரியும். கடைசி அலசலுக்கு மட்டும் கேன் தண்ணி எடுத்து, அரை பக்கெட்டுக்கு ரெண்டு ஸ்பூன் வினிகர் விடுங்க, போயிடும். இருட்டு கலர் துணியில நூத்துக்கு தொண்ணூறு இதுதான்.

பழையபெட்டி
தலைப்பில் "அவசரம்" என்று போடத் தெரிகிறது, புடவை என்ன நிறம் என்று எழுதத் தெரியவில்லை. கஞ்சி போடுவது ஒன்றும் ராக்கெட் விடுகிற வேலை இல்லை. வடித்த கஞ்சியை எடு, நீர் விடு, முக்கு, உதறு, காயப்போடு. இதற்கு ஒரு இழையா?

கொடிக்கயிறு
@பழையபெட்டி இப்ப முக்கால்வாசி வீட்டுல சாதம் குக்கர்லதான் வேகுது சார். வடிச்ச கஞ்சி எங்க இருந்து வரும்?

வெள்ளைவேட்டி
எனக்கும் இதே பிரச்சினை. காட்டன் வேட்டி, கடையில வாங்கின கஞ்சிப் பொடி போட்டும் விறைப்பா நிக்கல, ரெண்டு மணி நேரத்துல தொவண்டு போகுது. என்ன செய்யலாம்?

கொடிக்கயிறு
அவங்களுக்கு விறைப்பு அதிகமாகி ஒட்டுது, உங்களுக்கு விறைப்பே வரல. ரெண்டும் ஒண்ணு இல்லண்ணே. முதல்ல வேட்டி லேபிளைப் பாருங்க. பாலியஸ்டர் கலந்த நூலா இருந்தா மாவுக் கஞ்சி சரியா பிடிக்காது. கட்டி உட்கார்ந்து எழுந்ததுமே உதிர ஆரம்பிச்சிடும்.

பருத்திப்பூ
ஸாரி. கருநீலம், செட்டிநாட்டு காட்டன், சிவப்பு கரை, ஜரிகை இல்ல. மைதா 4 ஸ்பூன், கொதிக்கிற தண்ணியில போட்டு கலக்கினேன். வடிகட்டல. மெஷின்ல ஸ்பின் போட்டு, ரெண்டா மடிச்சு வெயில்ல போட்டேன். தண்ணி போர் தண்ணிதான்.

உப்புத்தண்ணி
சொன்னேன்ல.

சலவைக்கல்
போர் தண்ணியும் இருக்கலாம், ஆனா இங்க முதல் சந்தேகம் மைதா மேலதான். கொதிக்கிற தண்ணியில உலர்ந்த மாவை நேரா கொட்டினா, ஒவ்வொரு கட்டிக்கும் வெளிப்புறம் உடனே வெந்து தோல் மாதிரி மூடிக்கும். உள்ளே பச்சை மாவு அப்படியே இருக்கும். எவ்வளவு கலக்கினாலும் அது உடையாது. வடிகட்டாததால சின்னக் கட்டி எல்லாம் புடவைக்கு வந்திருக்கு, காஞ்சதும் அதுதான் திட்டு. அதுமேல சூடான பெட்டியை வச்சதும் கட்டி நசுங்கி, உள்ள இருந்த பச்சை மாவு துணியில இருக்கிற ஈரத்தோட அங்கயே வெந்து பசையாகுது. அந்தப் பசை பெட்டி அடியில ஒட்டிக் கருகினதுதான் நீங்க பார்த்த பழுப்பு. திட்டும் ஒட்டலும் ஒரே காரணத்தால வந்தது.

உப்பா மாவான்னு தெரிஞ்சுக்கணும்னா, திட்டு மேல நகத்தால சுரண்டிப் பாருங்க. மாவுன்னா செதில் செதிலா உதிரும். அந்தத் தூளை ஒரு வெள்ளைச் சாசர்ல தட்டி, காயத்துக்குப் போடுற போவிடோன் அயோடின் ஒரு சொட்டைத் தண்ணியில கலந்து அதுமேல விடுங்க. கருநீலமா மாறினா மாவு. மாறலைன்னா உப்புத்தண்ணி சொல்ற வினிகர் வழிக்குப் போங்க. சொட்டைப் புடவையில விட்டுடாதீங்க. கருநீலத்துல மாற்றமும் தெரியாது, பழுப்புக் கறைதான் மிச்சம்.

பழையபெட்டி
புடவைக்கு லேப் டெஸ்ட். நல்ல காலம்.

மாடிவீடு
சுரண்ட எதுவும் வரலைன்னா? எங்க வீட்டுல ஒரு கறுப்புப் புடவையில அப்படித்தான் இருக்கு.

சலவைக்கல்
ஈர விரலால தொடுங்க. ஈரத்துல மறைஞ்சு, காஞ்சதும் திரும்ப வந்தா மேல ஏதோ படிஞ்சிருக்கு, அலசினா போகும். ஈரத்துலயும் வெளுப்பாவே தெரிஞ்சா சாயம் போன இடம். அதுக்கு அலசல் உதவாது.

பருத்திப்பூ, இனி செய்ய வேண்டியது. கை பொறுக்கிற வெதுவெதுப்பான தண்ணியில புடவையை முழுசா பிரிச்சு அரை மணி நேரம் ஊறவிடுங்க. காஞ்ச கஞ்சி ஊறி உப்பிக்கும். அப்புறம் திட்டு இருக்கிற இடத்துல துணியோட துணி வச்சு மெதுவா தேய்ங்க, பிரஷ் வேண்டாம், கருநீலம் தேஞ்சு வெளுக்கும். தண்ணி பால் மாதிரி கலங்குறது நிக்கும் வரைக்கும் அலசுங்க. கொதிக்கிற தண்ணி ஊத்தினா சிவப்புக் கரை சாயம் விட்டு நீலத்துல இறங்கும், அந்த வழிக்கே போகாதீங்க.

கொடிக்கயிறு
பெட்டியையும் சொல்லிடுங்க. அந்தப் பழுப்போட திரும்ப வச்சா புடவையில கறை இறங்கும்.

சலவைக்கல்
ஆமா. பெட்டி ஆறினதும் சமையல் சோடாவைக் கொஞ்சம் தண்ணியில குழைச்சு, ஈரத்துணியால தேய்ச்சுத் துடைங்க. நீராவித் துளைக்குள்ள சோடா போனா பஞ்சுக் குச்சியால எடுத்துடணும். கோட்டிங் இல்லாத பழைய இரும்புப் பெட்டின்னா காகிதத்துல தூள் உப்பைப் பரப்பி, சூடான பெட்டியை அதுமேல ஓட்டலாம். நான்ஸ்டிக் பெட்டிக்கு உப்பு கூடாது, கீறிடும்.

அடுத்த முறைக்கு மைதா வேண்டாம், ஜவ்வரிசி போடுங்க. மைதாவுல மாவுச்சத்தோட புரதமும் இருக்கு, எவ்வளவு வேகவச்சாலும் கலங்கலாத்தான் நிக்கும். வெள்ளைத் துணியில தெரியாது, கருநீலத்துல சாம்பல் பூத்த மாதிரி தெரியும். ஜவ்வரிசி மரவள்ளி மாவுல செய்றது, வெந்தா கண்ணாடியா தெளிஞ்சிடும், அதான் இருட்டு நிறத்துக்கு அது.

ஆறு கெஜப் புடவைக்கு 3 டேபிள்ஸ்பூன் ஜவ்வரிசி போதும். அரை மணி நேரம் ஊறவச்சு, 1 லிட்டர் தண்ணியில கிளறிக்கிட்டே கொதிக்க விடுங்க. மணி நடுவுல இருக்கிற வெள்ளைப் புள்ளி மறையுற வரைக்கும் விடணும், சுமார் 15, 20 நிமிஷம். புள்ளி இருந்தா நடுவுல இன்னும் வேகலைன்னு அர்த்தம். பழைய வேட்டித் துணியில வடிகட்டி, வெறும் தண்ணி 2 லிட்டர் சேருங்க. டீ வடிகட்டி போதாது, பாதி வெந்த மணி தப்பிச்சுடும்.

புடவை அலசிப் பிழிஞ்ச ஈரத்தோட இருக்கட்டும். காஞ்ச புடவையை முக்கினா முதல்ல பட்ட இடம் கஞ்சியை அதிகமா குடிச்சிடும். முழுசும் பிரிச்சு முக்கி, ரெண்டு மூணு தடவை அமுக்கி எடுங்க. முறுக்காதீங்க, மெஷின் ஸ்பின்னும் வேண்டாம். முறுக்கின வரியிலயே கஞ்சி சேர்ந்து கோடு விழும். ரெண்டு கையாலயும் அமுக்கிப் பிழிஞ்சா போதும்.

தறிமேடை
நல்லா சொன்னீங்க. ஒண்ணு சேர்க்கிறேன். பாவு நூலுக்கு கஞ்சி போட்டுத்தான் தறியில ஏத்துவாங்க, அந்த விறைப்பு புதுப் புடவையில மிச்சம் இருக்கும். புதுசா வாங்கினதுக்கு முதல் ஒண்ணு ரெண்டு துவைப்பு வரைக்கும் கஞ்சியே வேண்டாம். பாவுக்கு எங்க பக்கம் அரிசிக் கஞ்சி, அதுக்கு ஈடு இல்ல.

மாடிவீடு
அரிசிக் கஞ்சி சாயங்காலத்துக்குள்ள புளிச்சிடும். புளிச்ச கஞ்சி போட்ட புடவை வேர்வை பட்டதும் நாறும். ஜவ்வரிசியே மேல்.

பழையபெட்டி
அன்றைக்கு வடித்ததை அன்றைக்கே போட்டால் புளிக்காது. ஜவ்வரிசி பாயசத்துக்கு.

தறிமேடை
பாயசத்துக்கும் ஆகும், பாவுக்கும் ஆகும். மரவள்ளி சேலம் பக்கம்தான் விளையுது சார், வெளியூர்ச் சரக்கு இல்ல. ஆனா மொடமொடப்பு அரிசியிலதான். ஜவ்வரிசி கஞ்சி கொஞ்சம் ரப்பர் தன்மை, கொசுவம் வச்சா மடிப்பு ஒண்ணோட ஒண்ணு ஒட்டுது.

சலவைக்கல்
ஒட்டினா கஞ்சி கெட்டியா போச்சுன்னு அர்த்தம், இன்னும் அரை லிட்டர் தண்ணி சேருங்க. அடர்த்தி சரியான்னு பார்க்க, புடவையோட உள் தலைப்பு ஓரத்தை, இடுப்புக்குள்ள போற பக்கத்தை, முதல்ல நனைச்சு, அமுக்கி, இஸ்திரி போட்டுப் பாருங்க. காகிதம் மாதிரி படபடன்னா தண்ணி சேருங்க. துணி மடங்கி நின்னா சரி.

மாடிவீடு
கஞ்சி போட்ட புடவையை மடிச்சு பீரோவுல வச்சா ராமபாணம் பூச்சி ஓட்டை போடுது. அந்துருண்டை வச்சும் நிக்கல.

பழையபெட்டி
வேப்பிலை வை.

கொடிக்கயிறு
அதுக்கு மாவுதானே சாப்பாடு. சாப்பாட்டைப் போட்டுட்டு வேப்பிலை வச்சு என்ன? ரொம்ப நாள் எடுத்து வைக்கிற புடவைன்னா கஞ்சியை அலசி எடுத்துட்டு வைங்க, கட்டப் போற முன்னால போடுங்க. மழைக்காலத்துல பூசணமும் பிடிக்காது.

தறிமேடை
கஞ்சியோட ஒரே மடிப்புல வருஷக்கணக்கா வச்சா மடிப்புலயே இழை உடையும். அது பூச்சி இல்லாமலேயே கிழியும்.

வெள்ளைவேட்டி
லேபிள்ல 65 பாலியஸ்டர் 35 காட்டன்னு போட்டிருக்கு. அப்ப என்ன போடணும்?

சலவைக்கல்
கடையில விக்கிற பாலிமர் லிக்விட் போட்டுப் பாருங்க, அளவு பாட்டில்ல இருக்கிறபடி. பெட்டியை ரெண்டு புள்ளிக்கு மேல ஏத்தாதீங்க.

பருத்திப்பூ, இஸ்திரி விஷயம் மட்டும் மிச்சம். நிழல்ல, மடிக்காம, அகலமா விரிச்சுக் காயப்போடுங்க. கஞ்சி கீழ்ப்பக்கம் இறங்கிச் சேரும், அதனால பாதி காஞ்சதும் ஒருதடவை தலைகீழா மாத்தணும். லேசான ஈரம் இருக்கும்போதே எடுத்து, ரெண்டு பேரா கரையைப் பிடிச்சு இழுத்துச் சமப்படுத்துங்க. முழுசா காஞ்சிடுச்சுன்னா தண்ணி தெளிச்சு, துண்டுல சுருட்டி அரை மணி நேரம் வைங்க. ஈரம் எல்லா இடத்துக்கும் பரவிடும். ஈரம் சொட்டுற நிலையில பெட்டியை வச்சா மறுபடியும் ஒட்டும், காஞ்சதுல வச்சா சுருக்கம் போகாது. காட்டன் சூடு, மூணு புள்ளி, உள்பக்கமா தேய்ங்க. வெளிப்பக்கம் தேய்ச்சா கருநீலத்துல பளபளன்னு தடம் விழும்.

மாடிவீடு
கஞ்சியில ரெண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டா ஒட்டாதுன்னு சொல்வாங்களே?

சலவைக்கல்
கஞ்சி சூடா இருக்கும்போதே விட்டு நல்லா கலக்கினா பெட்டி வழுக்கிக்கிட்டு ஓடும். ஆறின கஞ்சியில விட்டா எண்ணெய் மேல மிதந்து கறை ஆகும். எனக்கு அது தேவையே இல்லைன்னு தோணுது, கஞ்சி வெந்து, வடிகட்டியிருந்தா.

தறிமேடை
நெய் விடுறவங்களும் உண்டு. மெழுகு உருக்கி விடுறவங்களும் உண்டு. அவங்கவங்க கைப்பழக்கம்.

பருத்திப்பூ
ஊறவச்சு அலசினேன், எல்லாம் போயிடுச்சு, முந்தியில ஒரு இடம் தவிர. அயோடின் டெஸ்ட் பண்ணல. ஜவ்வரிசி போட்டு காயுது. நன்றி எல்லாருக்கும்.

சலவைக்கல்
அந்த முந்தி இடம் ஈரத்துல மறையுதா?

உப்புத்தண்ணி
அந்த ஒரு இடம் உப்புதான். பாருங்க.

வெள்ளைவேட்டி
லிக்விட் ஒரு வேட்டிக்கு எத்தனை மூடி? பாட்டில்ல பக்கெட் கணக்குதான் போட்டிருக்கு.