ஷேவ் செய்த பிறகு சிவப்புப் புள்ளிகள்: காலுக்கும் அக்குளுக்கும் எந்த ரேசர், எந்த ஜெல்?
தோழிகளே, ஒரு யோசனை சொல்லுங்கள். ஐந்து பிளேடு ரேசரில் கால் வழவழப்பாகத்தான் வருகிறது, ஆனால் மறுநாளே முழங்காலுக்குக் கீழே சிவப்புப் புள்ளிகள், நாலாம் நாள் முடி தோலுக்குள்ளேயே சுருண்டு நிற்கிறது. பிளேடு கூடக் கூட முடியைத் தோல் மட்டத்துக்குக் கீழே வெட்டிவிடுவதுதான் காரணமாம். அதனால் ஒற்றை பிளேடு சேஃப்டி ரேசருக்கு மாறலாமா என்று பார்க்கிறேன். காலுக்குச் சரி, அக்குளில் முடி நாலு திசையிலும் வளர்கிறதே, அந்தக் குழிவில் வெட்டிக்கொள்ளாமல் பிடிக்க முடியுமா, இல்லை அங்கே மட்டும் இரண்டு பிளேடு போதுமா? இதுவரை சோப்பு நுரைதான், எரிகிறது. வாசனை சேர்க்காத, கற்றாழை ஜெல் யாராவது பயன்படுத்தியிருக்கிறீர்களா? அப்புறம், ஷேவ் செய்து எத்தனை மணி நேரம் கழித்து டியோடரன்ட் போடுகிறீர்கள்?