பதவி உயர்வு இல்லை என்று நேரில் சொன்ன அனுபவம் உண்டா?

செவிலியர் கண்காணிப்பாளர், மதுரை

தீவிர சிகிச்சைப் பிரிவில் 11 ஆண்டுகள் பணியாற்றிய சிஸ்டர் ஒருவரிடம், இன்சார்ஜ் பொறுப்புக்கு அவர் தேர்வாகவில்லை என்று நான் சொன்ன விதம் மூன்று வாரமாக என்னை உறுத்துகிறது. பகல் 2 மணிக்கு ஷிப்டு மாறும்போது சுற்றறிக்கை ஒட்டப்படும் என்பதால் அதற்கு முன்பே அறைக்கு அழைத்தேன். அது ஒன்றுதான் நான் சரியாகச் செய்தது. மானிட்டர் ஒலிப்பதற்கு முன்பே நோயாளியின் மூச்சு மாறுவதைக் கண்டுகொள்பவர் அவர் என்று தொடங்கி, ஐந்து நிமிடம் பாராட்டியே பேசினேன். அவர் முகம் மலர்ந்து, "எல்லாம் நீங்கள் பழக்கியதுதான், மேடம்" என்று கைகூப்பினார். அதன் பிறகுதான் "ஆனால்" என்றேன். கூப்பிய கைகளைக் கீழே இறக்கக்கூடத் தோன்றாமல் அவர் உட்கார்ந்திருந்தது கண்ணைவிட்டு அகலவில்லை.

காரணத்தை மறைக்கவில்லை. இளையவர்களுக்குப் பகிர்ந்து தர வேண்டிய வேலையையெல்லாம் அவரே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்வார். அதனால் அவர் விடுப்பில் இருந்த ஓர் இரவில், அவசர மருந்து வண்டியின் எந்தத் தட்டில் எது இருக்கிறது என்று தெரியாமல் இருவர் திணறினார்கள். தாம் இல்லாதபோதும் வார்டு தடையின்றி நடக்கும்படி பார்த்துக்கொள்வதே இன்சார்ஜின் வேலை என்று விளக்கினேன். அவர் ஒன்றுதான் கேட்டார்: "அது மார்ச்சில் நடந்தது. அன்றே சொல்லியிருந்தால் திருத்திக்கொண்டிருப்பேனே, மேடம்?" என்னிடம் பதில் இல்லை.

பணியாளர் பிரிவு, நூற்பாலை, கோயம்புத்தூர்

நான் உட்கார்ந்தவுடன், "இந்த முறை உங்களைத் தேர்ந்தெடுக்கவில்லை, அதைச் சொல்லத்தான் அழைத்தேன்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டு, அவர் பேசும்வரை காத்திருப்பேன். "மேலிடம் முடிவு செய்துவிட்டது" என்று ஒதுங்கிக்கொள்வதில்லை. தேர்வானவரோடு ஒப்பிடுவதும் இல்லை. இவ்வளவு கவனமாக இருந்தும் ஒரு முறை தவறினேன். மேஸ்திரி ஒருவர் கண் கலங்கியதைப் பார்த்து, "அடுத்த சூப்பர்வைசர் நீங்கள்தான்" என்று சொல்லிவிட்டேன். ஒன்றரை ஆண்டு எந்த இடமும் காலியாகவில்லை. விலகல் கடிதத்தோடு வந்தவர், "ஐயா, நீங்கள் அன்று சொல்லாமல் இருந்திருந்தால் அன்றைக்கே மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன்" என்றார். காலியிடம் நம் கையில் இல்லாதபோது, பழகிப் பார்க்க ஒரு வேலையையும் மறுபடி உட்கார்ந்து பேச ஒரு தேதியையும் மட்டுமே உறுதியாகத் தர முடியும்.

ஓய்வுபெற்ற மத்திய அரசு ஊழியர், திருச்சி

மேடம், இதை வாய்ச்சொல்லாக விட்டதுதான் தவறு. தேவ் தத் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008இல் சொன்னதைப் பாருங்கள். பதவி உயர்வுக்கு 'மிக நன்று' என்ற மதிப்பீடு வேண்டியிருந்த இடத்தில், பொறியாளரான தேவ் தத்தின் பணியை மதிப்பிடும் ரகசியக் குறிப்பில் ஓராண்டு 'நன்று' என்று மட்டும் எழுதி, அதை அவருக்குத் தெரிவிக்காமலே விட்டிருந்தார்கள். ரகசியக் குறிப்பின் ஒவ்வொரு பதிவையும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. எனவே காரணங்களை எழுத்தில் கொடுத்து, மேல்முறையீட்டுக்கு அவகாசமும் கொடுங்கள். எங்கள் அலுவலகத்தில் குறிப்பின் நகலைக் கையெழுத்துப் பெற்றுக்கொண்டு கொடுக்கத் தொடங்கிய பிறகு, பதவி உயர்வுப் பட்டியல் வெளியாகும் நாளில் எழுந்த சச்சரவு வெகுவாகக் குறைந்தது. கோயம்புத்தூர் நண்பர் சொல்வதுபோல் காத்திருப்பதும் தேற்றுவதும் நிர்வாகத்தின் வேலை அல்ல.

பள்ளி ஆசிரியை, தஞ்சாவூர்

ஐயா, அந்தத் தீர்ப்பு அரசுப் பணியைப் பற்றியது. தனியார் மருத்துவமனைக்கு அப்படியே பொருந்துமா என்று தெரியவில்லை. கையில் ஒரு கடிதத்தைத் திணித்தால் போதும் என்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை. உதவித் தலைமையாசிரியைப் பொறுப்பு எனக்கு இல்லை என்று தெரிந்த அன்று, தாளாளர் மூன்று காரணங்கள் சொன்னார். வீட்டுக்குப் போய் யோசித்தபோது ஒன்றுகூட நினைவில் இல்லை. சுவர்க் கடிகாரம் 4:10 காட்டியது மட்டும் நினைவிருந்தது. நான்கு நாள் கழித்து அவரே வகுப்பறைக்கு வந்து, கால அட்டவணை தயாரிக்கும் வேலையை என்னிடம் தந்து, பெற்றோரிடம் நான் பேசும் முறையில் இருந்த குறையை ஓர் எடுத்துக்காட்டோடு சொன்னார். அன்றுதான் அது என் காதில் விழுந்தது. மேடம், அந்தச் சிஸ்டரை மறுபடி அழைத்துப் பேசினீர்களா?

செவிலியர் கண்காணிப்பாளர், மதுரை

இன்று காலை அழைத்தேன். மார்ச்சிலேயே சொல்லாதது என் தவறு என்று முதலில் ஒப்புக்கொண்டேன். அடுத்த மாத டூட்டி ரோஸ்டரை அவரே போட வேண்டும், மருந்து வண்டியைச் சரிபார்க்கும் பொறுப்பை இளையவர் இருவரிடம் விட வேண்டும், 15ஆம் தேதி நாம் சேர்ந்து பார்ப்போம் என்றேன். பதவியைப் பற்றி எந்த வாக்கும் தரவில்லை. ரோஸ்டர் தாளை வாங்கிக்கொண்டார். "அவர்கள் தவறவிட்டால் நான் குறுக்கே வரக் கூடாதா, மேடம்?" என்று கேட்டார். நோயாளிக்கு ஆபத்து என்றால் உடனே வர வேண்டும், மற்ற நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்றேன். கையைக் கட்டி நிற்பதுதான் தமக்குக் கடினம் என்று சொல்லிவிட்டு வார்டுக்குப் போனார்.