சுவர்ல ஒட்டுச்சீட்டு, திரையில அதே பலகை: இதுக்கு ஒரு தமிழ்ச் சொல் வேணும்

பலகைக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். எங்க டீம்ல ஒன்பது பேர், அஞ்சு பேர் ஆபீஸ்ல, நாலு பேர் வீட்ல. ஆபீஸ் சுவர்ல 'எடுக்கணும், நடக்குது, சோதனை, முடிஞ்சுது'ன்னு நாலு கட்டம் போட்டு ஒட்டுச்சீட்டை நகர்த்திக்கிட்டே வர்றோம், வீட்ல இருக்கறவங்களுக்காக அதே சீட்டையெல்லாம் ஒரு ஆன்லைன் பலகையிலயும் வச்சிருக்கோம். இந்த ஏற்பாட்டுக்கு டீமுக்குள்ள ஒரு வழிகாட்டி எழுதறேன், 'மிரரிங்'குங்கற இடத்துல வந்து மாட்டிக்கிட்டேன். 'பிரதிபலிப்பு'ன்னு எழுதிக் காட்டினா, "அப்போ சுவர்ல நகர்த்தினா அது தானா மாறிடுமா"ன்னு கேக்கறாங்க. மாறாது, ஒரு ஆள் கையால மாத்தணும். வேற நல்ல சொல் இருந்தா சொல்லுங்க.

குறுஞ்செயலி:
இது ஏற்கனவே இருக்கே, போன்ல இருக்கறதை டிவில காட்டறதுக்கு 'திரைப் பிரதிபலிப்பு'ன்னு மெனுவிலயே வருது. அதையே போடுங்க, புதுசா எதுக்கு.

பலகைக்காரி:
அது வேற இது வேற தோழர். அங்க இருக்கறது ஒரே படம், ரெண்டு இடத்துல தெரியுது, அவ்வளவுதான். இங்க ரெண்டு தனித்தனி பொருள், ஒண்ணு காகிதம் ஒண்ணு கணினி, ஒண்ணு மாறினா இன்னொண்ணுக்கு அது தெரியவே தெரியாது.

தொகுப்பாளன்:
அப்போ 'ஒத்திசைவு' சரியா வரும். சிங்க்குக்கு அதைத்தான் எல்லா இடத்துலயும் போடறாங்க. 'சுவர் ஒத்திசைவு', முடிஞ்சுது கதை.

சோதனைச்சாவடி:
ஒத்திசைவு பாதிதான் சரி அண்ணே. ரெண்டும் ஒத்து இருக்கணும்னு சொல்லுது, ஒத்துப் போகலைன்னா எதை நம்பறதுன்னு சொல்லலை, பிரச்சனை முழுக்க அங்கதான் இருக்கு. நான் டெஸ்டர், அடிபட்ட கதையைச் சொல்றேன். வீட்ல இருந்த ஒருத்தர் சாயங்காலம் 47ஆம் சீட்டை ஆன்லைன்ல 'நடக்குது'ல இருந்து 'சோதனை'க்குத் தள்ளிட்டுப் போயிட்டார். சுவர்ல அது 'நடக்குது'லயே ஒட்டியிருக்கு. காலைல நான் சுவரைப் பாத்தேன், சோதிக்க புதுசா ஒண்ணுமில்லைன்னு வேற வேலைக்குப் போயிட்டேன், அரைநாள் போச்சு. அதைவிட மோசம் என்னன்னா, ஆபீஸ்ல ஒருத்தர் "ரெண்டையும் ஒத்திசைக்கறேன்"னு சுவரைப் பாத்து ஆன்லைன்ல இருந்த 47ஐ மறுபடி 'நடக்குது'க்கே இழுத்து விட்டுட்டார். பொய்யை வச்சு உண்மையை அழிச்சாச்சு, ரெண்டும் இப்ப அருமையா ஒத்திசையுது!

அதனால சொல்லுக்குள்ளயே எது அசல், எது அதைப் பாத்து எழுதினதுங்கறது தெரியணும்.

ஏட்டெலி:
இதுக்குப் புதுசா ஒண்ணும் வார்க்க வேண்டாம், நம்மகிட்டயே இருக்கு. பெரியபுராணத்துல தடுத்தாட்கொண்ட புராணம் ஞாபகம் இருக்கா? கிழவரா வந்த இறைவன் கையில இருந்த ஓலையைச் சுந்தரர் பிடுங்கிக் கிழிச்சிடறார், அப்புறம் சபையில கிழவர், அவன் கிழிச்சது படியோலை, மூல ஓலை என்கிட்ட இருக்குன்னு எடுத்து நீட்டறார். தகராறு வந்தா மூலம்தான் நிக்கும், படி போனா இன்னொண்ணு எழுதிக்கலாம். நீங்க கேக்கறதும் அதேதானே? திரையில இருக்கறதுதான் அசல்னு முடிவு பண்ணினா அது மூலப்பலகை, ஆபீஸ்ல இருக்கறது படிச்சுவர். சுவர்தான் அசல்னா மூலச்சுவர், படிப்பலகை. வேலைக்குப் பேர் படியெடுப்பு.

தொகுப்பாளன்:
படிச்சுவர்னா மாடிப்படி ஓரத்துச் சுவர்னு நினைப்பாங்க. படிப்பலகையைப் பிரிச்சுப் பாருங்க, படிப்பு + அலகை, படிக்கற பேய்! நகல்சுவர், நகல்பலகைன்னு வச்சா குழப்பமே இல்ல.

ஏட்டெலி:
அலகை அருமை, சிரிச்சுட்டேன். ஆனா நகல் அரபியிலிருந்து வந்தது.

தொகுப்பாளன்:
மூலம் மட்டும் எங்கிருந்து வந்துச்சாம்? அதைத் தனியா வேற எழுதிடாதீங்க, மருத்துவக் குறிப்பு மாதிரி ஆயிடும்.

பலகைக்காரி:
சண்டை வேண்டாம் :) மூலம்/படி ஜோடி எனக்குப் பிடிச்சிருக்கு, ஏன்னா அந்தச் சொல்லை எழுதும்போதே "எது மூலம்"னு டீம் முடிவு பண்ணியாகணும். எங்களுக்குத் திரைதான் மூலம், வீட்ல இருக்கறவங்களால சுவரைத் தொட முடியாது, அதனால வேற வழியும் இல்ல. ஆனா தினமும் ரெண்டையும் வச்சுப் பாக்கற வேலைக்கும் ஒரு சொல் வேணுமே? கட்டத்துக்கு எத்தனை சீட்டுன்னு எண்ணிப் பாக்கறோம், அது போதுமா?

சோதனைச்சாவடி:
போதாது. மொத்த எண்ணிக்கையே குறைஞ்சா ஏதோ ஒரு சீட்டு கீழ விழுந்திருக்குன்னு தெரியும் (கட்டுல இருந்து கீழிருந்து மேல இழுத்துக் கிழிச்சா சீட்டு சுருண்டுக்கும், பக்கவாட்டுல உரிச்சு எடுங்க, தட்டையா நிக்கும்). ஆனா ஒண்ணு வெளிய போய் இன்னொண்ணு உள்ள வந்திருந்தா எண்ணிக்கை மாறாது. அதனால சீட்டு மூலைல ஆன்லைன் எண்ணையே பெரிசா எழுதி, கட்டத்துக்குக் கட்டம் அந்த எண்களைக் கூட்டிப் பாருங்க. நம்ம 47 கதையில திரையில 'நடக்குது'ல 41, 44, 52, கூட்டினா 137. சுவர்ல 41, 44, 47, 52, கூட்டினா 184. வித்தியாசம் 47, எந்தச் சீட்டு தப்பான இடத்துல இருக்குன்னு கூட்டலே சொல்லிடுது. சுவர்ல 52க்குப் பதிலா 47 மாறி நின்னா ரெண்டு பக்கமும் மூணு சீட்டுதான், எண்ணினா சிக்காது, ஆனா கூட்டல் 132. வித்தியாசம் 5னு ஒரு சீட்டே கிடையாது, அப்போ இடம் மாறினது ஒண்ணுக்கு மேலன்னு அர்த்தம், ஒவ்வொண்ணா பாக்கணும். காலைக் கூட்டத்துக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி ஒரே ஆள் இதைச் செய்யணும், திரையைப் பாத்து சுவரை மட்டும் திருத்தணும், மறந்தும் தலைகீழா செய்யக்கூடாது.

ஏட்டெலி:
அதுக்கும் சொல் இருக்கு, ஒப்புநோக்கல். சுவடி பதிப்பிக்கறவங்க பல பிரதிகளைப் பக்கத்துல வச்சுப் பாடம் பாக்கறது அதுதான்.

குறுஞ்செயலி:
சுவரை போட்டோ எடுத்தா சீட்டெல்லாம் தனித்தனியா வெட்டிப் பலகைக்கு ஏத்தற ஆப் இருக்கே, யாரும் ஏன் சொல்லலை?

சோதனைச்சாவடி:
முதல் நாள் ஏத்தறதுக்கு அது நல்லது. மறுநாள் திரும்ப எடுத்தா பழைய 47தான் இதுன்னு அதுக்குத் தெரியாது, புதுச் சீட்டாப் போட்டுடும், நேத்து எழுதின கமெண்ட் எல்லாம் பழசுலயே தங்கிடும். அது படியெடுப்பு, ஒப்புநோக்கல் இல்ல. பாத்தீங்களா, ரெண்டு சொல் இருந்ததால ஒரே வரியில பதில் சொல்லிட்டேன்.

வடகாற்று:
நடுவுல வர்றேன், எங்க டீம்ல ஒரு சீட்டு ஒரே கட்டத்துல எத்தனை நாள் கிடக்குதோ அத்தனை புள்ளி வைப்போம், அது சுவர்ல மட்டும்தான் இருக்கு, ஆன்லைன்ல இல்ல. அப்புறம் 'நடக்குது' கட்டத்தை நாலு சீட்டு அளவுக்குத்தான் வரைஞ்சிருக்கோம், அஞ்சாவது ஒட்ட இடமே இருக்காது. திரையில எத்தனை வேணா போகும். மூலத்துல இல்லாதது எங்க சுவர்ல இருக்கே, அதைப் படிச்சுவர்னு எப்படிச் சொல்றது?

ஏட்டெலி:
ஏட்டோரத்துல குறிப்பு எழுதினாலும் அது படிதானே?

வடகாற்று:
குறிப்பு வேற ஐயா. அந்தப் புள்ளியைப் பாத்துத்தான் நாங்க யாருக்கு உதவி வேணும்னே முடிவு பண்றோம். அந்த ஒரு விஷயத்துல சுவர்தான் மூலம்.

பலகைக்காரி:
இது யோசிக்க வேண்டிய கேள்வி. இப்போதைக்கு வழிகாட்டியில மூலப்பலகை, படிச்சுவர், படியெடுப்பு, ஒப்புநோக்கல் நாலையும் போடறேன். புள்ளியை வீட்ல இருக்கறவங்க எப்படிப் பாக்கறாங்கன்னு வடகாற்று சொன்னா அதையும் சேத்துக்கறேன்.

வடகாற்று:
பாக்கறதில்ல. அதான் தலைவலி.