பொருள்: டைம்டேபிள் ஷீட்ல பீரியட் கிளாஷுக்கு தமிழ்ல என்ன சொல்?

செல்வி:
எங்க ஸ்கூல் டைம்டேபிள் ஷீட்டை தமிழ்ல மாத்திட்டிருக்கேன். ஒரே டீச்சருக்கு ஒரே நேரத்துல ரெண்டு வகுப்பு விழுந்துடுதே, அதை காட்டுற நெடுவரிசைக்குதான் தலைப்பு கிடைக்கல. 10 பிரிவு, வாரம் 40 பாடவேளை, ஆக 400 வரி. A நாள், B வேளை, C வகுப்பு, D ஆசிரியர். இது உண்மைனு வந்தா கட்டம் சிவப்பாகும்:

```
=COUNTIFS($A$2:$A$401,A2,$B$2:$B$401,B2,$D$2:$D$401,D2)>1
```

இளங்கோ:
"வேளைமோதல்" வைங்க. மொத்த ஷீட்டுக்கும் "மோதல்தடுப்பு அட்டவணை"னு பேர் குடுத்துடலாம்.

நாதன்:
தடுக்காது தம்பி, காட்டும், அவ்வளவுதான். டேட்டா வேலிடேஷன்ல கடைசியை =1னு மாத்தி போட்டா டைப் பண்றப்ப மறுக்கும், ஆனா காப்பி பேஸ்ட் பண்ணா கேக்காம உள்ள விட்டுடும். நான் ரொம்ப வருஷம் டைம்டேபிள் போட்டவன், ஸ்டாஃப் ரூம்ல எல்லாரும் "மூணாவது பீரியட் முட்டுது சார்"னுதான் வந்து நிப்பாங்க, அதனால "வேளைமுட்டு" இயல்பா இருக்கும். இன்னொண்ணு, ஒரு வரியில "கௌரி", இன்னொண்ணுல "கெளரி"னு ள போட்டு அடிச்சிருந்தா கண்ணுக்கு ஒண்ணுதான், ஷீட்டுக்கு ரெண்டு ஆள். முட்டினாலும் சிவப்பு வராது, அவங்க வாரக் கணக்கும் ரெண்டா உடைஞ்சிடும். பேரை லிஸ்ட்ல இருந்து எடுக்க வைம்மா.

தர்ஷினி:
எங்கட பக்கம் முட்டு எண்டால் இழுப்பு வருத்தம், நேரசூசியிலை அப்பிடிப் போட்டால் சிரிப்பினம். எனக்கு வேற பிரச்சினை, ஆய்வுகூடம் ஒண்டுதான். ரீச்சர்மார் வேற வேற ஆக்கள், ஆனா ஒரே நேரம் ரெண்டு வகுப்பும் வந்து வாசல்ல நிக்கும். இதையும் அந்தச் சொல் குறிக்குமா?

நாதன்:
குறிக்கணும்மா, ஆனா செல்வியோட ஃபார்முலா அதை பாக்காது. E-ல இடம்னு ஒரு நெடுவரிசை சேத்து, D இருக்குற எடத்துல எல்லாம் E போட்டு இன்னொரு விதி வைக்கணும். அப்போ ஆள்மோதல், இடமோதல்னு பிரிச்சுக்கலாம். முட்டு யாழ்ப்பாணத்துல நோய்னா நான் விட்டுடறேன்.

செல்வி:
கௌரி டீச்சர் வரிகள்ல 3 எடத்துல ள இருந்துச்சு, சரி பண்ணதும் புதுசா 1 மோதல் சிவப்பா வந்துச்சு, நன்றி சார். ஆனா பி.டி. சாருக்கும் சிவப்பு. அவர் 9-அ, 9-ஆ ரெண்டையும் வாரம் 2 வேளை சேத்துதான் கிரவுண்டுக்கு கூட்டிட்டு போவார், அது மோதலே இல்லையே. COUNTIF அவருக்கு 28னு காட்டுது, நிக்கிறது என்னவோ 26 வேளைதான்.

இளங்கோ:
ரெண்டையும் "9-அஆ"னு ஒரே வரியாக்கிடுங்க. அந்த 28, 26 வர்ற நெடுவரிசைக்கு "பாடச்சுமை".

செல்வி:
பண்ணி பாத்தேன், சார் கணக்கு 26 சரியா வந்துடுச்சு, ஆனா 9-அவும் 9-ஆவும் ஆளுக்கு 38 வேளைனு குறைஞ்சு நிக்குது. பாடச்சுமைனா பசங்க மேல இருக்குற பாடம்னு எடுத்துப்பாங்க, "வாரவேளை"னு தற்காலிகமா போட்டிருக்கேன். சேந்து எடுக்குற வகுப்புக்கு ஒரு சொல் இருந்தா அதையே தனி நெடுவரிசையாக்கி ரெண்டு கணக்கையும் பிரிச்சு எண்ணலாம், யாராச்சும் சொல்லுங்க.