புதுப்பிப்பு: லேபிள் கிழிந்த பாட்டிலும் ஆத்தங்குடி தரையும்

நான் கேட்டது: "படத்தில் இருக்கும் பாட்டில் என்ன? ஆத்தங்குடி தரை துடைக்கலாமா?"

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. மிச்ச லேபிளில் கையை அரிக்கும் குறியைக் கவனித்த ஹார்டுவேர் கடை அண்ணன் சொன்னதுதான் சரி: ஆசிட் கலந்த டாய்லெட் கிளீனர். பினாயிலாக இருந்தால் தண்ணீரில் பால்போல வெளுக்கும் என்றார் ஒருவர், வெளுக்கவில்லை. கையுறையோடு உடைந்த கல்துண்டில் ஒரு சொட்டு விட்டதும் பொங்கி நுரைத்தது, ஆத்தங்குடி தரை சிமென்ட் கல்லாச்சே! வினிகர் கலந்து துடைக்கச் சொன்னார்கள், அதுவும் அமிலம்தான், அதனால் அந்த யோசனை வேண்டாம். தன் வீட்டில் ஒன்றும் ஆகவில்லை என்ற அக்காவுக்கு: உங்களுடையது கிரானைட்.

இப்போது ஒரு வாளி தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு, அப்புறம் வெறும் தண்ணீர். எதிர்பாராதது, திரவம் கூடினால் தரை பிசுபிசுக்கிறது. வாசல் பக்கத்துப் பழைய வெளிறல் மட்டும் அப்படியே இருக்கிறது.